செலவினம், அடக்கம், செலவு, நட்டம்: ஒரு மரச்செக்கின் கணக்கு

"பி.காம் முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்து இரண்டு மாசம் ஆகிறது. காஸ்ட், எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பெண்டிச்சர், லாஸ் நாலுமே எனக்குச் செலவு மாதிரிதான் தெரிகிறது. புது மெஷினுக்கு வந்த லாரி வாடகையை Indirect Expenses-இல் போட்டேன் என்று திட்டு விழுந்தது. பணம் கையை விட்டுப் போனால் எல்லாம் செலவுதானே? எது எங்கே போகும்?"

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சு வழக்கு. வீட்டில் கல்யாணச் செலவு, கடையில் கரண்டுச் செலவு, மெஷின் வாங்கிய செலவு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஆனால் வியாபாரிகள் ஒன்றை மட்டும் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். "இந்த விலைக்குக் கொடுத்தா அடக்கமே கட்டுப்படியாகலைங்க" என்று சொல்லும்போது அவர்கள் அடக்கம் என்பது நீங்கள் படித்த காஸ்ட்தான். அரசு வரவு செலவு அறிக்கைகளில் வரும் செலவினம் என்ற சொல்லை எக்ஸ்பெண்டிச்சருக்கு வைத்துக்கொள்கிறேன். எக்ஸ்பென்ஸுக்குச் செலவு, லாஸுக்கு நட்டம். கீழே இந்த நாலு சொல்லையும் இந்தப் பொருளில்தான் எழுதுகிறேன்.

நாலும் நாலு தனித்தனிப் பெட்டிகள் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே ரூபாய்தான் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு பெயர் எடுக்கிறது. ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்காகப் பணம் கொடுத்தாலும், கொடுப்பதாகக் கடன்பட்டாலும், அந்தக் கணத்தில் அது செலவினம். அந்தச் செலவினத்தை ஒரு குறிப்பிட்ட பொருளின் தலையில் ஏற்றி, "இதற்கு இவ்வளவு ஆச்சு" என்று கேட்டால் வரும் விடை அடக்கம். அந்த அடக்கத்தில் எந்தப் பகுதி இந்த ஆண்டின் வருமானத்துக்காகக் கரைந்ததோ, அது இந்த ஆண்டின் செலவு. வருமானம் எதையும் கொண்டுவராமல் வீணாகக் கரைந்தது நட்டம். இன்னும் கரையாமல் நிற்பது சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும்.

காங்கேயம் பக்கத்தில் ஒருவர் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்தபோது முதலாண்டுக் கணக்கை நான்தான் எழுதினேன். எளிதாகக் கணக்குப் போட எண்களைச் சற்று உருட்டித் தருகிறேன். அவர் செக்கு வாங்கிய விலை 1,80,000 ரூபாய். லாரி வாடகை 6,000. இறக்கிவைத்த கூலி 2,000. கான்கிரீட் அடித்தளமும் மின் இணைப்பும் 9,000. ஓட்டிப் பார்க்கப் போட்ட கடலைப் பருப்பு 3,000. புது மரத்தின் தூளும் வாசனையும் கலந்து வந்த அந்த முதல் எண்ணெயை அவர் விற்கவில்லை. இவையெல்லாம் சேர்த்து 2,00,000. செக்கின் அடக்கம் இதுதான், 1,80,000 அல்ல. கணக்கியல் தரநிலை AS 10 சொல்வதும் இதையே: ஒரு சொத்தை அது இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, வேலை செய்யும் நிலைக்கு ஆக்கும் வரை நேரடியாக ஆனதெல்லாம் அதன் அடக்கம். உங்கள் லாரி வாடகை இந்த வரிக்குள் வந்துவிடுகிறது. லாரி இல்லாமல் மெஷின் ஷெட்டுக்கு வந்திருக்காது.

அதே வாரத்தில் அவர் வேறு சிலவற்றுக்கும் பணம் கொடுத்தார். திறப்பு விழா பூஜைக்கும் நோட்டீஸ் அடிக்கவும் 5,000. செக்கு ஓட்டப் பழக்க வந்தவருக்கு 4,000. இறக்கும்போது மோட்டார் கை நழுவி விழுந்ததைச் சரிசெய்ய 3,500. முதல் இரண்டும் தொழில் தொடங்க அவசியமானவைதான், ஆனால் செக்கை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தவை அல்ல. விளம்பரமும் ஆள் பழக்குவதும் அடக்கத்தில் சேராது என்று தரநிலையே சொல்கிறது. ஆகவே அவை அந்த ஆண்டின் செலவு. மோட்டார் விழுந்தது விபத்து. விழாமலே இறக்கியிருந்தால் இந்த 3,500 ஆகியிருக்காது. செக்கின் மதிப்பில் இதனால் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அது நட்டம்.

பில்லில் இருந்த ஜிஎஸ்டியைக் கேட்பீர்கள். அவர் சாதாரண முறையில் பதிவு செய்து இன்புட் கிரெடிட் எடுப்பவர், அதனால் அந்த வரி அடக்கமும் இல்லை, செலவும் இல்லை. அரசிடமிருந்து திரும்ப வரவேண்டிய தொகை. அவரே காம்போசிஷன் திட்டத்தில் இருந்திருந்தால் கிரெடிட் கிடைக்காது, அப்போது வரி முழுவதும் செக்கின் அடக்கத்தில் ஏறியிருக்கும். ஒரே பில் இரண்டு கடைகளில் இரண்டு விதமாக எழுதப்படும் என்பதை இங்கே கவனியுங்கள்.

இப்போது நீங்கள் செய்த பிழையின் எடை எவ்வளவு என்று பார்க்கலாம். விலை போக மீதி 20,000 முழுவதையும் ஒருவர் Indirect Expenses-இல் போட்டுவிட்டார் என்று வையுங்கள். சிறு தொழில்களில் வருமான வரி விதிகளின் தேய்மான விகிதத்தையே ஏட்டிலும் வைக்கும் வழக்கம் உண்டு, அதன்படி இயந்திரத்துக்குத் தேய்மானம் 15 சதவீதம். சரியாக எழுதியிருந்தால் அந்த 20,000-த்தில் முதலாண்டில் செலவாகப் போவது 3,000 மட்டும். தவறாக எழுதியதால் 20,000-மும் போய்விட்டது. லாபம் 17,000 குறைவாகத் தெரிகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே அளவு மெல்ல மெல்ல லாபம் கூடுதலாகத் தெரியும். பணம் எங்கும் காணாமல் போகவில்லை, ஆண்டுதான் மாறிப்போனது. வங்கிக்காரர் முதலாண்டு லாபத்தைப் பார்த்துக் கடன் வரம்பு போடும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வரி அதிகாரி கேட்டாலும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு சொத்து வாங்கி நிறுத்த ஆகும் முதலினச் செலவினத்தை வருமானத்தில் கழிக்க விடுவதில்லை. பிரிவு எண்ணை 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கொள்கை பழையதுதான்.

பணம் போவதும் செலவும் வேறு என்பதற்குச் செக்கை விட எளிய சான்றுகள் தினமும் மேசைக்கு வருகின்றன. மார்ச் மாதம் எரித்த மின்சாரத்துக்கு ஏப்ரலில்தான் பணம் கட்டுவார்கள், ஆனால் அது மார்ச்சோடு முடியும் ஆண்டின் செலவு. மார்ச் 31 அன்று கொடுபட வேண்டிய செலவு என்று எழுதுகிறோம். ஜனவரி 1-ஆம் தேதி ஓராண்டு காப்பீட்டுக்கு 12,000 கட்டினால் செலவினம் 12,000, அந்த ஆண்டின் செலவு மூன்று மாதத்துக்கு 3,000, மீதி 9,000 முன்கூட்டிச் செலுத்தியதாகச் சொத்துப் பக்கம் நிற்கும். செக்கைக் கடனுக்கு வாங்கியிருந்தாலும் வாங்கிய அன்றே செலவினம் ஆகிவிட்டது, ஒரு ரூபாய்கூடக் கை மாறாவிட்டாலும். மறுபுறம், வங்கிக் கடன் தவணையில் அசலுக்குப் போகும் பகுதி செலவினமே இல்லை, பழைய கடன் குறைகிறது அவ்வளவுதான். வட்டிப் பகுதி மட்டும் செலவு. முதலாளி பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது எடுப்பு, கடையின் செலவு அல்ல. தவணைத் தொகை முழுவதையும் செலவில் போட்ட ஏடுகள் என்னிடம் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. வங்கி அறிக்கையைப் பார்த்துக் கணக்கு எழுதினால் இப்படித்தான் ஆகும். பில்லைப் பார்த்து எழுத வேண்டும்.

அடக்கத்துக்கும் நட்டத்துக்கும் நடுவிலுள்ள கோடுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதிகம் தவறுவதும் அங்கேதான். அதே கடைக்காரர் ஒரு வியாபாரியிடம் 1,000 கிலோ கடலைப் பருப்பை ஜிஎஸ்டி நீங்கலாக 1,15,000-க்கு வாங்கினார். வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் 2,600. மொத்தம் 1,17,600. சலித்துக் காயவைத்தபின் எடை போட்டால் 980 கிலோதான் இருந்தது. தூசியும் ஈரமுமாக 20 கிலோ போய்விட்டது. இது எந்த மூட்டையிலும் நடப்பது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவிர்க்க முடியாதது. இதை இயல்பான நட்டம் என்பார்கள். பெயரில் நட்டம் இருந்தாலும் நட்டக் கணக்குக்குப் போகாது, நல்ல சரக்கின் அடக்கத்தில் கரைந்துவிடும். அதாவது 1,17,600-ஐ 980-ஆல் வகுக்க வேண்டும். கிலோ 120 ரூபாய்.

அடுத்த வாரம் மழை பெய்தது. கூரையில் ஓர் ஓடு விலகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அடியில் இருந்த மூட்டைகள் நனைந்து, பிரித்துப் பார்த்தபோது பருப்பில் பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. 80 கிலோ. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் நச்சு இருக்கலாம் என்பதால் மாட்டுக்கும் போட முடியாது. முழுவதும் எருக்குழிக்குப் போனது. கிலோ 120 வீதம் 9,600 ரூபாய். இது அசாதாரண நட்டம். சரக்கின் அடக்கத்திலிருந்து இதை எடுத்து, நேராக இலாப நட்டக் கணக்கில் தனி வரியாகக் காட்ட வேண்டும். சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான தரநிலை 2-ம் அசாதாரண அளவில் வீணான பொருளை அடக்கத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது.

கடைக்காரர் முதலில் என்னிடம் சொன்னது இது: "நட்டத்தை எண்ணெய் விலையிலேயே ஏத்திட்டேங்க, சரியாப் போச்சு." அவர் 1,17,600-ஐ மிஞ்சிய 900 கிலோவால் வகுத்திருந்தார். கிலோ கிட்டத்தட்ட 130 ரூபாய் 67 பைசா. மரச்செக்கில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும் என்பதால் லிட்டருக்கு 26 ரூபாய்க்கு மேல் அடக்கம் கூடிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஓடு விலகாத செக்குக்காரரோடு அவர் போட்டியிட வேண்டும். வாங்க வருபவர் இவருடைய கூரைக்குப் பணம் கொடுக்க மாட்டார். அதோடு, ஆண்டு முடிவில் 300 கிலோ பருப்பு அரைக்காமல் மீதி இருந்தது. சரியான அடக்கத்தில் அதன் மதிப்பு 36,000. அவர் கணக்கில் 39,200. ஏற்கெனவே எருக்குழிக்குப் போய்விட்ட பருப்பின் ஒரு பகுதியை இருக்கும் மூட்டைக்குள் ஒளித்துவைத்து, சொத்தையும் லாபத்தையும் 3,200 கூட்டிக் காட்டுகிறது அந்தக் கணக்கு.

இதற்கு ஒரு ஜிஎஸ்டி வாலும் உண்டு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவுப்படி, தொலைந்த, திருடுபோன, அழிந்த, ஏட்டிலிருந்து நீக்கிய சரக்குக்கு எடுத்த கிரெடிட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். 80 கிலோவுக்கு வாங்கிய விலை 9,200, அதற்கு 5 சதவீதம் 460. ஆக நட்டம் 9,600 அல்ல, 10,060. சலிப்பில் போன 20 கிலோவுக்கும் இப்படித் திருப்ப வேண்டுமா என்ற கேள்வி வரும். உற்பத்தியில் தவிர்க்க முடியாமல் குறைவது அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2021-இல் ஓர் உருக்கு நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊர்க் கடைகளுக்கு நான் அதையே பின்பற்றுகிறேன்.

மீதி 600 கிலோ செக்கில் விழுந்தது. பருப்பு 72,000, அரைத்த கூலியும் மின்சாரமும் 9,200. கிடைத்த புண்ணாக்கு 14,000-க்கு விற்றது. புண்ணாக்குக்காக யாரும் செக்கு ஓட்டுவதில்லை, அது துணைப்பொருள், ஆகவே அந்தப் பணத்தை வருமானமாகக் காட்டாமல் எண்ணெயின் அடக்கத்தில் கழிக்கிறோம். மிச்சம் 67,200, எண்ணெய் 240 லிட்டர், லிட்டர் அடக்கம் 280. முறையாகப் பார்த்தால் செக்கின் தேய்மானத்திலும் ஒரு பங்கு இதில் ஏற வேண்டும், எண்கள் நெருக்காமல் இருக்க இங்கே விட்டிருக்கிறேன். மார்ச் 31-க்குள் 200 லிட்டர் விற்றிருந்தார். அந்த 56,000 அப்போதுதான் செலவாகிறது. டின்னில் நின்ற 40 லிட்டரின் 11,200 இன்னும் அடக்கம்தான், இறுதிச் சரக்கிருப்பில் இருக்கிறது. அரைத்த கூலி எப்போதோ கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் விற்காத எண்ணெய்க்குள் இருக்கும் கூலி இந்த ஆண்டின் செலவு ஆகவில்லை. இந்த இடம் புரிந்துவிட்டால் மற்றவை தாமாக விளங்கும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வது தீர்ப்புக்கு உரியது, ஆடிட்டருக்கு ஆடிட்டர் மாறலாம். எத்தனை சதவீதம் இயல்பான நட்டம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நான் செய்வது, கடைக்காரரை இறக்கும்போது ஒரு எடை, சலித்தபின் ஒரு எடை எழுதிவைக்கச் சொல்வது. பத்துப் பன்னிரண்டு லோடுக்கு 2 சதவீதத்தையொட்டி வந்துகொண்டிருந்தது ஒரு லோடில் மட்டும் 6 ஆனால், கூடுதல் 4 சதவீதத்துக்குக் காரணம் கேட்கிறேன். ஈரச் சரக்கா, எலியா, எடை போட்டவரா என்று அப்போதுதான் தெரியவரும். அந்த எடைச்சீட்டு இல்லாத கடையில் இந்தப் பிரிப்பு வெறும் ஊகம்.

பழுதும் அப்படியே. செக்கின் மர உலக்கை தேய்ந்து அதே அளவில் புதிது போட்டால் செலவு, பழைய திறன் திரும்பியது அவ்வளவுதான். மோட்டாரைப் பெரிதாக்கி ஒரு நாளில் அரைக்கும் அளவைக் கூட்டினால் முதலினச் செலவினம், செக்கின் அடக்கத்தில் ஏறும். உரலையே மாற்றினால்? இரண்டு பக்கமும் வாதாடலாம். நான் தொகையையும், மாற்றியபின் எத்தனை ஆண்டு கூடுதலாக ஓடும் என்பதையும் பார்த்து முடிவு செய்வேன், அந்தக் காரணத்தைப் பதிவிலேயே ஒரு வரி எழுதிவைப்பேன். பிளஸ் ஒன் புத்தகத்தில் நீள்பயன் வருவாயினச் செலவு என்று படித்து, பெரிய விளம்பரச் செலவைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்திருப்பீர்கள். நடைமுறையில் அதைச் செய்யாதீர்கள். தரநிலை 26 விளம்பரத்தை நடந்த ஆண்டிலேயே செலவாக எழுதச் சொல்கிறது.

நட்டம் என்ற சொல்லுக்கு இன்னும் இரண்டு பொருள் உண்டு. ஆண்டு முழுவதன் செலவு வருமானத்தை மிஞ்சினால் அதுவும் நட்டம், அது ஒரு நிகழ்ச்சி அல்ல, கணக்கின் அடியில் வரும் விடை. மற்றொன்று சொத்து விற்பனையில் வருவது. முதலாண்டுத் தேய்மானம் 30,000 போக நம் செக்கின் ஏட்டு மதிப்பு 1,70,000. மறு ஆண்டுத் தொடக்கத்தில் 1,50,000-க்கு விற்றால் நட்டம் 20,000, முதல் அடக்கத்தோடு ஒப்பிட்டு 50,000 என்று எழுதக் கூடாது. 1,75,000-க்கு விற்றால் 5,000 லாபம். போன ஆண்டு கரைந்த 30,000-த்தை ஏற்கெனவே செலவாக எழுதிவிட்டோம், அதை மறுபடி நட்டமாக எழுத முடியாது. வருமான வரிக் கணக்கில் இந்த 20,000-ஐத் தனி நட்டமாகப் பொதுவாகக் கழிக்க விடுவதில்லை. விற்ற தொகை அந்த வகைச் சொத்துகளின் மொத்தத் தொகுதியில் கழியும். ஆகவே இலாப நட்டக் கணக்கில் காட்டிய நட்டத்தை வரிக் கணிப்பில் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் லாரி வாடகைப் பதிவு இந்த ஆண்டினுடையதுதான், ஏடு இன்னும் மூடவில்லை என்றால் திருத்துவது எளிது. டாலியில் F7 அழுத்தி ஜர்னலில், Fixed Assets குழுவிலுள்ள அந்த மெஷின் லெட்ஜரைப் பற்று வைத்து, நீங்கள் போட்ட வாடகை லெட்ஜரை வரவு வையுங்கள். விவரக்குறிப்பில் லாரி ரசீது எண்ணை எழுதுங்கள். பிறகு தேய்மானம் ஏற்கெனவே போட்டிருந்தால் கூடிய அடக்கத்துக்கு மறுபடி கணக்கிடுங்கள். வரிக் கணக்கில் அந்த ஆண்டில் மெஷின் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதித் தேய்மானம்தான். லாரி ரசீதோடு இறக்குகூலிச் சீட்டும், எலக்ட்ரீஷியன் பில்லும் அதே கோப்பில் இருக்கும். அவற்றை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கையோடு பார்த்துவிடுங்கள்.